இன்டர்நெட் டெஸ்ட்டிலும் 94, வீட்டுக்குள்ளும் 94: மாடியறை கேபிளை அளந்த கதை

தம்பி மாடியறையில் உட்கார்ந்து வீடியோ எடிட்டிங் செய்கிறான். ஒரு வேலை முடிந்ததும் மொத்தக் கோப்புகளையும், ஏறக்குறைய 200 ஜிபி, கீழே படிக்கும் அறையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டெஸ்க்டாப்புக்கு அனுப்பி வைப்பான். அதற்கு 5 மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவதால் அது அவனுக்குப் பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை. ஒரு நாள் பகலிலேயே அனுப்ப வேண்டிய அவசரம் வந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டான்.

காப்பி ஆகும் சன்னலில் விநாடிக்கு 11.2 மெகாபைட் என்று காட்டியது. மேலும் கீழும் ஆடாமல், கோடு போட்ட மாதிரி அதே எண். "நெட் ஸ்பீடு பார்த்துட்டேண்ணா, 94 வருது. லைன்ல ஒண்ணும் பிரச்சினையில்ல. கீழ இருக்கிற டிஸ்க்தான் பழசாயிருக்கும், மாத்திடலாம்" என்றான்.

டிஸ்க்கை மாற்றுவதற்கு முன்னால் அந்த 94 எதை அளந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ் திட்டம். இன்டர்நெட் டெஸ்ட் போடும்போது தரவு லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து வெளி லைன் வழியாக எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. வழியில் எது மிகக் குறுகலோ அதன் வேகம்தான் திரையில் வரும். 100 திட்டத்தில் 94 வந்தால் வெளி லைன் சரி என்று அர்த்தம், அவ்வளவுதான். வீட்டுக்குள் இருக்கும் கேபிள் 1000 தாங்கினாலும் 94தான் வரும், 100 மட்டுமே தாங்கினாலும் 94தான் வரும். லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்குப் போகும் கோப்பு வெளி லைனைத் தொடுவதே இல்லை. அதன் வழியை அளக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு கணினிகளுக்கும் நடுவில்தான் அளக்க வேண்டும்.

11.2 என்ற எண்ணும் எனக்கு உறுத்தியது. மெகாபைட்டை 8 ஆல் பெருக்கினால் மெகாபிட். 11.2 ஐ 8 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 90 எம்பிபிஎஸ். பழைய டிஸ்க் தடுமாறினால் வேகம் 60, 35, 80 என்று குதிக்கும். 100க்குச் சற்றுக் கீழே இப்படி அசையாமல் நிற்பது பெரும்பாலும் கேபிளின் குணம்.

வைத்து அளக்கும் கருவி

இதற்கு நான் பயன்படுத்துவது iperf3. ஒரு கணினியில் அது கேட்டுக்கொண்டிருக்கும், இன்னொன்றிலிருந்து தரவைக் கொட்டலாம். நினைவகத்திலேயே உருவாக்கிய தரவை அனுப்பி, மறுமுனையில் வாங்கிய உடனே தூக்கிப் போட்டுவிடும். டிஸ்க்கைத் தொடுவதில்லை. கோப்பைக் காப்பி செய்து வேகம் பார்ப்பதைவிட இது மேலானது என்பதற்குக் காரணம் அதுதான்: எண் குறைந்தால் பழி டிஸ்க்கின் மேல் போகாது.

எங்கள் இரண்டு கணினிகளும் லினக்ஸ். டெஸ்க்டாப்பில் இது:

```
sudo apt install iperf3
sudo ufw allow 5201/tcp
iperf3 -s
```

நடுவில் உள்ள வரி ஃபயர்வாலில் 5201 போர்ட்டைத் திறப்பதற்கு. அதை மறந்தால் மறுபக்கத்தில் கட்டளை பதிலே இல்லாமல் நிற்கும், நெட்வொர்க்கே இல்லை போலத் தோன்றும். விண்டோஸில் முதல் முறை ஓட்டும்போது அனுமதி கேட்டு ஒரு சன்னல் வரும். தனியார் நெட்வொர்க்குக்கு அனுமதி கொடுத்தால் போதும்.

டெஸ்க்டாப்பின் முகவரி 192.168.1.20. லேப்டாப்பில் இரண்டு திசைக்கும் ஒவ்வொன்று:

```
iperf3 -c 192.168.1.20 -t 30
iperf3 -c 192.168.1.20 -t 30 -R
```

முதல் வரியில் லேப்டாப் அனுப்புகிறது, டெஸ்க்டாப் வாங்குகிறது. -R போட்டால் திசை மாறும். 30 என்பது விநாடி. சொல்லாவிட்டால் 10 விநாடிதான் ஓடும். கேபிளுக்கு அது போதும், வைஃபைக்குப் போதாது.

ஒரு முன்னெச்சரிக்கை. கேபிளை அளக்கும்போது லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட வேண்டும். கேபிளைப் பிடுங்கி மாட்டும் வேலையின் நடுவில் கணினி சத்தமில்லாமல் வைஃபைக்குத் தாவிவிடும். நாம் கேபிளை அளப்பதாக நினைத்து வேறொன்றை எழுதி வைத்துக்கொண்டிருப்போம். சந்தேகம் வந்தால் `ip route get 192.168.1.20` என்று கேட்டால் எந்த வழியாகப் போகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

முதல் அளவு

மாடியறைச் சுவர் சாக்கெட்டில் லேப்டாப்பை மாட்டி, வைஃபையை அணைத்து ஓட்டினேன்.

```
[ ID] Interval           Transfer     Bitrate         Retr
[  5]   0.00-30.00  sec   337 MBytes  94.2 Mbits/sec    0   sender
[  5]   0.00-30.00  sec   336 MBytes  94.1 Mbits/sec        receiver
```

இதில் பார்க்க வேண்டியது கீழ் வரி, வாங்கிய பக்கத்தின் எண். -R போட்டும் அதே 94.1. வெளி லைனைத் தொடாமலே 94 வந்துவிட்டது. தம்பி திரையை எட்டிப் பார்த்து, "அதே 94தானேண்ணா, அப்ப எல்லாம் சரிதானே?" என்றான். எண் ஒன்றாக இருந்ததுதான் அவனை இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறது.

இந்த 94.1 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கேபிளில் தரவு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலம் கம்பியில் எடுத்துக்கொள்ளும் இடம் மொத்தம் 1538 பைட். இதில் 38 பைட் ஈதர்நெட்டின் முன்குறி, முகவரி, சரிபார்ப்பு, அடுத்த பொட்டலத்துக்கு முன் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்ந்தது. மீதி 1500 பைட்டில் ஐபி, டிசிபி தலைப்புகள் நேரமுத்திரையோடு சேர்த்து 52 பைட். நம் தரவுக்கு எஞ்சுவது 1448. அதை 1538 ஆல் வகுத்தால் 0.941. எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் உச்சபட்சமாக 94.1 வரும், 1000 எம்பிபிஎஸ் இணைப்பில் 941 வரும். நேரமுத்திரை இல்லாத கணினிகளில் 949 வரை பார்க்கலாம்.

அதாவது எங்கள் அளவு ஒரு சுமாரான வேகம் அல்ல. 100 எம்பிபிஎஸ் இணைப்பின் மிகச் சரியான உச்சம். ஒரு பொட்டலம்கூடத் தொலையவில்லை, மறுபடி அனுப்பியதைச் சொல்லும் Retr பத்தியிலும் 0. கேபிள் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, ஆனால் பத்தில் ஒரு பங்கு வேகத்தில். இரண்டு கணினிகளிலும் ரவுட்டரிலும் இருப்பவை 1000 எம்பிபிஎஸ் போர்ட்டுகள். லேப்டாப் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று அதனிடமே கேட்டேன்:

```
$ sudo ethtool enp2s0 | grep -E 'Speed|Duplex'
	Speed: 100Mb/s
	Duplex: Full
```

டெஸ்க்டாப்பில் இதே கட்டளை 1000Mb/s என்றது. ஆக, தடை ரவுட்டருக்கும் மாடியறைக்கும் நடுவில்.

ஆனாலும் லேப்டாப்பின் போர்ட்டே பழுதாக இருக்கலாமே? அதற்காக ஒரு ஒப்பீட்டு அளவு எடுத்தேன். லேப்டாப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, நன்றாக இருப்பது தெரிந்த ஒரு மீட்டர் கேபிளால் நேராக ரவுட்டரில் மாட்டினேன். 941. இரண்டு திசையிலும் 941. இந்த ஒரு அளவு பல சந்தேகங்களை ஒரேயடியாக நீக்கிவிட்டது: லேப்டாப் சரி, டெஸ்க்டாப் சரி, ரவுட்டரின் போர்ட்டுகள் சரி, படிக்கும் அறைக்குப் போகும் கேபிளும் சரி. எதை அளப்பதாக இருந்தாலும் இந்த ஒப்பீட்டு அளவை நான் முதலில் எடுத்திருக்க வேண்டும். இது கையில் இல்லாமல் மாடியில் வந்த 94 க்கு அர்த்தம் சொல்ல முடியாது.

இங்கே சிலர் செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். ரவுட்டரிலேயே iperf3 ஐ நிறுவி அதை ஒரு முனையாக வைத்து அளப்பார்கள். ஒரு போர்ட்டிலிருந்து இன்னொரு போர்ட்டுக்குத் தரவைக் கடத்துவது ரவுட்டருக்குள் இருக்கும் ஸ்விட்ச் சிப்பின் வேலை, அது முழு வேகத்தில் நடக்கும். ஆனால் தரவை உருவாக்குவதும் வாங்கி விழுங்குவதும் அதன் சிறிய பிராசஸரின் வேலை. அது 400லோ 500லோ மூச்சு வாங்கிவிடும். குறைந்த எண்ணைப் பார்த்து நல்ல கேபிளைச் சந்தேகப்பட வேண்டிவரும். இரு முனையிலும் முழுக் கணினிகள் இருப்பதே நல்லது.

பழுப்பு இணை

மாடி வழியில் மூன்று துண்டுகள் இருந்தன: ரவுட்டரிலிருந்து கூடத்துச் சுவருக்கு ஒரு சிறு கேபிள், சுவருக்குள் ஓடும் நீளக் கேபிள், மாடிச் சுவரிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு சிறு கேபிள். சிறு கேபிள்கள் இரண்டையும் மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுச் சோதனை ஓட்ட வேண்டியதில்லை, ethtool என்ன வேகம் சொல்கிறது என்று பார்த்தாலே போதும். இரண்டு முறையும் 100. மிச்சம் சுவருக்குள் இருப்பது.

கேபிளுக்குள் நான்கு இணைக் கம்பிகள் உண்டு: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். 1000க்கு நான்கும் வேண்டும். இரு முனைகளும் எந்த வேகத்தில் பேசலாம் என்று முதலில் ஒப்பந்தம் செய்துகொள்வதும் அந்த இரண்டு இணைகள் வழியாகத்தான். அதனால் நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போனால் கேபிள் செத்துப்போகாது. 1000க்கு ஒத்துக்கொண்டு, முயன்று, முடியாமல், 100க்கு இறங்கி ஓட ஆரம்பிக்கும். விளக்கு எரியும், இணையம் வரும், யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லாக் கருவிகளும் இப்படி இறங்கி வருவதில்லை. சிலவற்றில் இணைப்பு வந்து வந்து போகும், அப்போது பழுது உடனே தெரிந்துவிடும்.

மாடி சாக்கெட்டின் மூடியைக் கழற்றினேன். ஏழு கம்பிகள் வெட்டுத் தகடுகளுக்குள் ஆழமாக உட்கார்ந்திருந்தன. கடைசி ஓரத்தில் முழுப் பழுப்புக் கம்பி மட்டும் தகட்டின் மேல் விளிம்பில் படுத்திருந்தது. நகத்தால் தொட்டதும் மேலே எழும்பியது. பிளாஸ்டிக் உறைமேல் தகடு வெட்டிய தடமே இல்லை, அதாவது உள்ளிருக்கும் செம்பைத் தகடு ஒரு நாளும் தொட்டதே இல்லை. பதித்த நாளிலிருந்தே இந்தக் கேபிள் 100ல்தான் ஓடியிருக்கிறது.

முனையை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, கம்பி பதிக்கும் கருவியால் அழுத்தி உள்ளே இறக்கினேன். "டக்" என்ற சத்தம் கேட்டால் இறங்கிவிட்டது. லேப்டாப்பை மாட்டியதும் ethtool 1000Mb/s என்றது. iperf3 இரு திசையிலும் 941. அரை மணி நேரம் `-t 1800` போட்டு ஓடவிட்டேன், Retr பத்தியில் பெரிதாக எதுவும் சேரவில்லை. அந்த எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், கம்பி தொட்டும் தொடாமலும் இருக்கலாம். மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் தம்பி அதே லேப்டாப்பில் மறுபடி இன்டர்நெட் டெஸ்ட் போட்டுப் பார்த்தான். 94.

வைஃபை வேறு மாதிரி

கேபிள் முடிந்ததும் வைஃபையையும் அளந்துவிடலாம் என்று தோன்றியது. டெஸ்க்டாப் கேபிளிலேயே இருந்தது, லேப்டாப் மட்டும் காற்றில். இந்த ஏற்பாடு முக்கியம். தம்பி அதற்கு முன்பே தன் கைபேசியில் ஒரு iperf3 செயலியை இறக்கி, லேப்டாப்புக்கும் கைபேசிக்கும் நடுவில் சோதித்து 280 என்று எழுதி வைத்திருந்தான். இரண்டுமே வைஃபையில். அப்படி அளந்தால் ஒவ்வொரு பொட்டலமும் ஒரு முறை ரவுட்டருக்கும், மறுபடி ரவுட்டரிலிருந்து மற்ற கருவிக்கும், ஆக இரண்டு முறை அதே அலைவரிசையில் போக வேண்டும். எண் பாதியாகிவிடும். ஒரு முனை கேபிளில் இருந்தால்தான் காற்று வழியின் உண்மையான வேகம் தெரியும்.

கூடத்தில், ரவுட்டரிலிருந்து மூன்று மீட்டரில், லேப்டாப் 866.7 இல் இணைந்திருப்பதாகச் சொன்னது. iperf3 இல் வந்தது 585. இது பழுது இல்லை. 866.7 என்பது ரேடியோ வாயைத் திறந்து பேசும் நேரத்தில் மட்டும் உள்ள வேகம். ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர் பேசி முடிக்கக் காத்திருப்பது, வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் வாங்குவது, ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னுரை என்று நேரம் போய்விடுகிறது. இணைப்பு வேகத்தில் 50 முதல் 70 விழுக்காடு கையில் கிடைத்தால் அந்த இடத்தில் வைஃபை நலம்.

மாடியறையில் 88தான் வந்தது. அங்கே வைஃபையில் இன்டர்நெட் டெஸ்ட்டும் 86, 88 என்றே காட்டிவந்தது. 100 திட்டத்துக்கு அது நல்ல எண்ணாகத் தெரிந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. சுவரும் தளமும் தாண்டி வேகம் குறைவது இயல்புதான், ஆனால் 585 இலிருந்து 88க்கா? லேப்டாப்பிடம் கேட்டேன்:

```
$ iw dev wlan0 link
	freq: 2437
	signal: -58 dBm
	rx bitrate: 130.0 MBit/s MCS 15
	tx bitrate: 144.4 MBit/s MCS 15 short GI
```

2437 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ், ஆறாவது சேனல். சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் இந்த லேப்டாப்புக்கு 144.4 தான் உச்சம், அதில் ஏறக்குறைய 61 விழுக்காடு 88. மாடி ஏறும்போது லேப்டாப் தானாகவே 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4க்கு இறங்கியிருக்கிறது. 2.4 சுவரை எளிதில் தாண்டும், சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், அதனால் கணினி அதை விரும்புகிறது. நிறையக் கோடுகள் என்றால் நிறைய வேகம் என்று நாம் நினைப்பதும் இதனால்தான்.

இணைப்பை 5 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கச் சொன்னேன்:

```
nmcli connection modify "veedu" 802-11-wireless.band a
```

veedu என்பது எங்கள் வைஃபையின் பெயர். மறுபடி இணைத்ததும் சிக்னல் -67 dBm என்று குறைந்தது, இணைப்பு வேகம் 390 ஆனது. iperf3 இல் டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு 228, லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு 171. இரண்டு திசைக்கும் வித்தியாசம் வருவதற்குக் காரணம் உண்டு: லேப்டாப்பின் ரேடியோ பலம் ரவுட்டரைவிடக் குறைவு, அதன் குரல் மெலிதாகத்தான் கீழே போய்ச் சேரும். கைபேசியில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும். காப்பி எடுத்து அனுப்புபவருக்கு வேண்டியது 171 தான். ஒரு திசையை மட்டும் அளந்து 228 என்று எழுதினால் அது அவருடைய எண் அல்ல.

கேபிளை எத்தனை முறை அளந்தாலும் 941. வைஃபையில் அப்படி இல்லை. iperf3 ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு வரி எழுதும். அந்த வரிகளைப் படித்தேன். பகலில் 160க்கும் 180க்கும் நடுவில் ஓடியது இரவு ஒன்பது மணிக்கு 120க்கும் 175க்கும் நடுவில் ஆடியது, ஒரு விநாடி 74க்கு விழுந்தது. நாற்காலியை இரண்டடி நகர்த்தினாலும் எண் மாறியது. அதனால் வைஃபைக்கு ஒரே எண்ணை எழுதி வைப்பதில் பயன் இல்லை. இடம், நேரம், திசை மூன்றையும் சேர்த்து, சராசரியோடு அடிமட்ட எண்ணையும் எழுதினேன். வீடியோ அழைப்பு நடுவில் திணறுவது அந்த 74 போன்ற விநாடிகளில்தான்.

அறையின் கோடியில், இரும்பு பீரோவுக்குப் பின்னால், 5 கிகாஹெர்ட்ஸ் 40க்கு இறங்கிவிடுகிறது. அங்கே 2.4 இல் 62 கிடைக்கிறது. அந்த மூலையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு nmcli வரியைப் போடக்கூடாது.

200 ஜிபி

அன்று சாயங்காலம் தம்பி அதே கோப்புகளைக் கேபிளில் அனுப்பினான். விநாடிக்கு 108 மெகாபைட், 31 நிமிடம். அவன் மாற்ற நினைத்த அதே பழைய டிஸ்க்தான் எழுதி முடித்தது. 941 எம்பிபிஎஸ் என்பது 117 மெகாபைட்; கோப்புப் பகிர்வின் சொந்தச் செலவு போக 108 வருவது நியாயம்.

பிறகு புகைப்படக் கோப்புறையை அனுப்பியபோது 38க்கு இறங்கியது. "திரும்பவும் கம்பி விட்டுடுச்சா?" என்று மாடியிலிருந்து கேட்டான். காப்பியை நிறுத்தச் சொல்லிவிட்டு iperf3 ஓட்டினேன், 941. அந்தக் கோப்புறையில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். ஒவ்வொன்றையும் திறந்து, பெயர் எழுதி, மூடும் நேரம்தான் அங்கே போகிறது, அது கேபிளின் பழுது அல்ல. எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி அனுப்பச் சொன்னேன். கட்ட நான்கு நிமிடம் ஆனது, அனுப்பும்போது மறுபடி 100ஐத் தாண்டியது.